30 வினாடி, 750 ஃபிரேம்: முடிந்த விளம்பரத்திலிருந்து ஷாட் பட்டியல் எழுதுவது எப்படி

படப்பிடிப்புக்கு முன் இயக்குநர் எழுதும் ஷாட் பட்டியல் பலருக்கும் பழக்கமானது. எந்தக் காட்சியை எந்தக் கோணத்தில், எங்கே, யாரை வைத்து எடுப்பது என்று அதில் திட்டம் இருக்கும். இங்கே சொல்லப்போவது அதற்கு எதிர்த்திசையில் செல்லும் ஒரு வேலை. எடுத்து, வெட்டி, இசை சேர்த்து, திரையில் ஓடி முடிந்துவிட்ட ஒரு விளம்பரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அது எத்தனை ஷாட்களால் ஆனது, ஒவ்வொன்றும் எத்தனை ஃபிரேம் நிற்கிறது, ஒவ்வொன்றிலும் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது என்று பின்னோக்கிப் பிரித்து எழுதுவது. தையல் பழகுகிறவர் நன்றாகத் தைத்த சட்டை ஒன்றின் தையலைப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்ப்பதற்கு இது ஒப்பானது.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் அல்வாக் கடை ஒன்றின் 30 வினாடி விளம்பரம். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. கதை எளிது. திருநெல்வேலி ஜங்ஷனில் சென்னை செல்லும் இரவு ரயில் நிற்கிறது. மகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அம்மா நடைமேடையில் நிற்கிறாள். அப்பா அல்வா வாங்க டவுனுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. கல்யாண வீடியோக்களை எடிட் செய்துவரும் இளைஞர் ஒருவரிடம் இதை ஒருமுறை போட்டுக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ரொம்ப வேகமான விளம்பரம் சார். ஒரு ஷாட்டும் ஒரு வினாடியைத் தாண்டாது போலிருக்கே” என்றார். பட்டியல் எழுதி முடித்தபோது அவர் சொன்னதில் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருந்தது. அந்தப் பாதி ஏன் தவறு என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பட்டியல் எழுதுகிறோம்.

முதலில் அளவுகோலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு வினாடிக்கு 25 ஃபிரேம் என்பது வழக்கம்; ஆகவே 30 வினாடி விளம்பரம் 750 ஃபிரேம்களைக் கொண்டது. திரையரங்குக்காக 24 ஃபிரேமில் செய்த பிரதியாக இருந்தால் அது 720 ஆகும். கையிலிருக்கும் கோப்பு எந்த வகை என்பதை VLC மென்பொருளில் Ctrl+J அழுத்தினால் வரும் பெட்டியில் Frame rate என்ற வரியில் காணலாம். அதே VLC-யில் E என்ற எழுத்தை அழுத்த அழுத்தப் படம் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகரும். ஆனால் அதே போலப் பின்னே நகர்த்த அதில் வசதியில்லை. ஃபிரேம் எண்ணும் தெரியாது. ஆகவே பார்த்துப் பழக VLC போதும். எழுதுவதற்கு DaVinci Resolve போன்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் விளம்பரத்தை டைம்லைனில் போட்டு, இடது வலது அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னும் பின்னும் நகர்வதே சரி. புதியவர்கள் தடுமாறும் சிறு இடம் ஒன்று உண்டு: அதில் டைம்லைன் 01:00:00:00 என்றுதான் தொடங்கும். விளம்பரம் ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குவதாக எண்ணிவிட வேண்டாம்; முன்னால் இருக்கும் அந்த ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் போதும்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பையோ, இணையத்திலிருந்து இறக்கிய கோப்பையோ அப்படியே நம்பக் கூடாது. 25 ஃபிரேம் படத்தை யாரோ 30 ஆக மாற்றியிருந்தால், ஒவ்வொரு ஐந்து ஃபிரேமுக்கும் ஒன்று இரட்டிப்பாகியிருக்கும். ஓட்டமோ பேச்சோ உள்ள இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். சீரான இடைவெளியில் படம் ஒரு அழுத்தலுக்கு அசையாமல் நின்றால் அது மாற்றப்பட்ட பிரதி. அதில் பதினைந்து என்று எண்ணும் ஷாட் உண்மையில் பன்னிரண்டோ பதின்மூன்றோ ஆக இருக்கலாம். வேறு பிரதி கிடைக்காவிட்டால் ஃபிரேமில் எழுதாமல் வினாடியில் எழுதுவது நேர்மை.

கோப்பு சரியென்று தெரிந்தபின், எழுதத் தொடங்குமுன் மூன்று முறையாவது நிறுத்தாமல் முழுதாகப் பார்க்க வேண்டும். அதில் ஒருமுறை ஒலியில்லாமல். முதல் பார்வையில் எந்த இடத்தில் மனம் படபடத்தது, எந்த இடத்தில் தளர்ந்தது என்று இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்த பிறகு அந்த முதல் உணர்ச்சி திரும்பி வராது. பட்டியலின் எண்களை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே சான்று அந்த இரண்டு வரிதான்.

இனி ஷாட் எங்கே முடிகிறது என்ற கேள்வி. ஒரு ஃபிரேமில் இருந்த படம் அடுத்த ஃபிரேமில் முற்றிலும் வேறாகிவிட்டால் அது வெட்டு. அங்கே புதிய ஷாட் தொடங்குகிறது. கேமரா அம்மாவிடமிருந்து மெல்லத் திரும்பி ரயிலைக் காட்டினால், படம் மாறினாலும் அது ஒரே ஷாட்தான். படத்தின்மேல் எழுத்து வந்து விழுந்தாலும் ஷாட் மாறுவதில்லை. ஒரு படம் கரைந்து இன்னொன்று எழும் டிசால்வ் வந்தால், இரண்டும் சரிபாதியாகத் தெரியும் நடு ஃபிரேமை எல்லையாக வைத்துக்கொண்டு, குறிப்பில் டிசால்வ் என்று எழுதிவிடலாம். எல்லை வேறிடத்தில் வைத்தாலும் குற்றமில்லை, பட்டியல் முழுவதும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றினால் சரி.

மேற்சொன்ன விளம்பரத்தின் பட்டியல் இது. தொடக்கம் என்ற பத்தியில் வினாடியும் அதன்பின் ஃபிரேமும் இருக்கின்றன.

| எண் | தொடக்கம் | ஃபிரேம் | படத்தில் இருப்பது | புதிதாகத் தெரிவது |
|---|---|---|---|---|
| 1 | 00:00 | 75 | வைட்: இரவு, நடைமேடை, நிற்கும் ரயில் | இடம், பொழுது |
| 2 | 03:00 | 40 | அம்மாவின் முகம், படிக்கட்டைப் பார்க்கிறாள் | யாரையோ எதிர்பார்க்கிறாள் |
| 3 | 04:15 | 35 | ஜன்னலோரம் மகள், கையில் கண்ணாடி வளையல் | பயணம் போகிறவள் இவள் |
| 4 | 06:00 | 50 | வைட்: அல்வாக் கடை வரிசை, கடைசியில் அப்பா | எதிர்பார்க்கப்படுகிறவர் இங்கே இருக்கிறார் |
| 5 | 08:00 | 45 | குளோசப்: அல்வாவைக் கிண்டும் துடுப்பு | பொருள் எது |
| 6 | 09:20 | 25 | அப்பாவின் முகம் | பதற்றம் |
| 7 | 10:20 | 20 | சிக்னல் பச்சையாகிறது | நேரம் முடிந்தது |
| 8 | 11:15 | 22 | ஈரடுக்கு மேம்பாலத்தடியில் அப்பா ஓடுகிறார் | வாங்கிவிட்டார் |
| 9 | 12:12 | 15 | ரயில் சக்கரம் நகர்கிறது | ரயில் புறப்பட்டுவிட்டது |
| 10 | 13:02 | 16 | நிலையப் படிக்கட்டில் கால்கள் | வந்துவிட்டார் |
| 11 | 13:18 | 12 | அம்மா திரும்புகிறாள் | இல்லை |
| 12 | 14:05 | 10 | நீளும் கையில் பொட்டலம் | இல்லை |
| 13 | 14:15 | 15 | ரயில் கதவிலிருந்து நீளும் வளையல் கை | கிடைத்துவிட்டது |
| 14 | 15:05 | 90 | வைட்: விலகும் ரயில், மூச்சு வாங்க நிற்கும் அப்பா | முடிந்தது |
| 15 | 18:20 | 100 | ரயிலுக்குள் பிரியும் பொட்டலம், நெய் மின்னும் அல்வா | பொருளின் தோற்றம் |
| 16 | 22:20 | 80 | மகளின் முகம், முதல் விள்ளல் | அவள் உணர்வது |
| 17 | 26:00 | 100 | அல்வாப் பெட்டி, கடைப் பெயர், முகவரி | யார் கடை |

(ஓடும் ரயிலில் பொருளை நீட்டுவது ஆபத்து என்பதை விளம்பரக்காரர்கள் மறந்தாலும் நாம் மறக்க வேண்டாம். டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு நடந்தால் அரைமணி நேரம் ஆகும் என்பதை அறிந்த எங்கள் ஊர்க்காரர்கள் எட்டாவது ஷாட்டில் சிரிக்காமல் இருப்பதும் வியப்புதான். பாலத்தடியில் 22 ஃபிரேம் காட்டியதே அந்த அரைமணி நேரத்தை விழுங்கிவிடுகிறது.)

ஃபிரேம் பத்தியை நிரப்பும்போது மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, 18:20 என்பதை 18.20 வினாடி என்று படிப்பது. வினாடிக்கு 25 ஃபிரேம் என்பதால் 20 ஃபிரேம் என்பது ஒரு வினாடியில் ஐந்தில் நான்கு பங்கு; அது 18.8 வினாடி. இந்தக் குழப்பம் நேராமலிருக்க வினாடியை 25-ஆல் பெருக்கி, மீதி ஃபிரேமைக் கூட்டி, ஒரே எண்ணாக எழுதிவிடுவது நல்லது: 18 × 25 + 20 = 470. கணக்குத் தாளில் B என்ற பத்தியில் இந்தத் தொடக்க எண்களை வரிசையாக எழுதி, விளம்பரம் முடியும் 750-ஐயும் கடைசி வரியாகச் சேர்த்துவிட்டால், ஷாட் நீளத்தைத் தாளே கழித்துத் தரும்.

```
=B3-B2
```

இரண்டாவது பிழை, ஒவ்வொரு ஷாட்டின் முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் எழுதி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. முதல் ஷாட் 0-ஆம் ஃபிரேமில் தொடங்கி 74-ஆம் ஃபிரேமில் முடிகிறது என்று எழுதினால், கழித்து வருவது 74. ஆனால் நின்றது 75. இப்படி ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு ஃபிரேம் தொலையும். மொத்தக் கூட்டல் 750-க்குப் பதிலாக 733 என்று வந்து, குறைவது சரியாக ஷாட் எண்ணிக்கையாகிய 17 என்றால், நேர்ந்தது இதுதான்.

மூன்றாவது பிழைதான் பொல்லாதது, ஏனென்றால் கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்காது. வெட்டு ஒன்றைக் கவனிக்காமல் இரண்டு ஷாட்களை ஒன்றாக எழுதிவிட்டால், மொத்தம் அப்போதும் 750 என்றே வரும். அந்த இளைஞர் முதலில் எழுதிய பட்டியலில் பதினோராவது ஷாட்டும் பன்னிரண்டாவது ஷாட்டும் சேர்ந்து 22 ஃபிரேமாக இருந்தன. அம்மாவின் புடவைத் தலைப்பு திரையைக் கடந்து போகும் மறைவில் வெட்டு ஒளிந்திருந்தது. இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஷாட்டின் முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் படமாகச் சேமித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஷாட் என்றால், முதல் படத்திலிருந்து கடைசிப் படத்துக்குக் கேமராவும் ஆட்களும் நகர்ந்து போய்ச் சேர்ந்திருக்க முடியுமா என்று உங்களால் சொல்ல முடியும். முதலில் அம்மாவின் முகமும் கடைசியில் பொட்டலம் பிடித்த கையும் இருந்தால், ஒரு வினாடிக்கும் ஒரு கீற்று குறைவான நேரத்தில் கேமரா அப்படிப் போயிருக்க வழியில்லை. இடையில் ஒரு வெட்டு இருக்கிறது. வெட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு என்றாலும், ஒளி சட்டென்று பளிச்சிடும் இடத்தை அது வெட்டென்று எண்ணுவதும், இப்படி மறைந்த வெட்டைத் தவறவிடுவதும் வழக்கம். அதன் முடிவை முதல் வரைவாக வைத்துக்கொண்டு கண்ணால் திருத்துவதே முறை.

பட்டியல் சரியாகிவிட்டது. புதியவர்கள் அடுத்து உடனே செய்வது 750-ஐ 17-ஆல் வகுப்பது. சராசரி 44 ஃபிரேம், அதாவது ஒன்றேமுக்கால் வினாடிக்குச் சற்று மேல். இந்த எண்ணை வைத்து இது நிதானமான விளம்பரம் என்று யாராவது எழுதினால் அவர் விளம்பரத்தைப் பார்க்கவில்லை என்றே பொருள். நீளங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வருவதை எடுத்தால் 35 ஃபிரேம் வருகிறது. சராசரியும் நடு எண்ணும் இவ்வளவு விலகி நிற்பதே, சில நீண்ட ஷாட்கள் சராசரியை மேலே இழுக்கின்றன என்பதற்கு அடையாளம். எண்களை மேலிருந்து கீழாக ஒருமுறை கண்ணோட்டினாலே வடிவம் தெரியும்: முதல் ஆறு ஷாட்கள் மொத்தம் 270 ஃபிரேம், அடுத்த ஏழு ஷாட்கள் 110 ஃபிரேம், கடைசி நான்கு ஷாட்கள் 370 ஃபிரேம். அதாவது விளம்பரத்தின் வேகமான பகுதி 4.4 வினாடிதான் இருக்கிறது. கிட்டத்தட்ட பாதி நேரத்தை நான்கே ஷாட்கள் எடுத்துக்கொள்கின்றன. இளைஞருக்குப் படம் முழுவதும் வேகமாகத் தோன்றியதற்குக் காரணம், முன்னும் பின்னும் இருக்கும் நிதானத்தின் நடுவில் அந்த ஏழு ஷாட்களும் நெருக்கியடித்து வந்ததுதான்.

ஷாட்கள் ஏன் அவ்வளவு குட்டையாக இருக்க முடிந்தது என்ற கேள்விக்குக் கடைசிப் பத்தி விடை சொல்கிறது. புதிதாகத் தெரிவது என்ன என்ற அந்தப் பத்தியைத்தான் பலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம். நான்காவது ஷாட் 50 ஃபிரேம் நிற்கிறது, ஏனெனில் அதில் கடை, விளக்கு, கூட்டம் எல்லாவற்றையும் கடந்து, வரிசையின் கடைசியில் நிற்கும் அப்பாவைக் கண் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டாவது ஷாட் வெறும் 10 ஃபிரேம். அதில் தேட ஒன்றுமில்லை. பொட்டலம் வரும் என்று மனம் முன்பே காத்திருக்கிறது. கை நீண்டதும் அது புரிந்துவிடுகிறது. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் புதிதாகத் தெரிவது இல்லை என்று எழுதியிருப்பதும், பட்டியலிலேயே மிகக் குட்டையான இரண்டு ஷாட்கள் அவைதான் என்பதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. புதிய செய்தி எதுவும் இல்லாமல் ஒரு ஷாட் நீண்டு நின்றால், அது உணர்ச்சிக்காக நிறுத்தப்பட்டதா, வெட்ட மறந்ததா என்று கேட்க வேண்டும். பதினான்காவது ஷாட் முதல் வகை: 90 ஃபிரேம், முடிந்தது என்பதைத் தவிர ஒரு செய்தியும் இல்லை, ஆனால் ஓட்டத்தின் மூச்சு அங்கேதான் இறங்குகிறது.

ஒலிக்கு ஒரு தனிப் பத்தி வைத்து, அதன் தொடக்கங்களைப் படத்தின் வெட்டோடு சேர்த்தெழுதாமல் ஒலி உண்மையில் தொடங்கும் ஃபிரேமில் எழுத வேண்டும். இந்த விளம்பரத்தில் ரயிலின் ஊதல் ஏழாவது ஷாட்டில் தொடங்கவில்லை. அதற்கு 12 ஃபிரேம் முன்பாகவே, அப்பாவின் முகத்தின்மேல் தொடங்குகிறது. கடையில் நிற்கிறவருக்கு ரயிலின் சத்தம் கேட்டுவிட்டது போல நமக்குத் தோன்றுவது அந்த 12 ஃபிரேமால்தான். எட்டிலிருந்து ஓடும் மேளம், பதினான்காவது ஷாட்டின் முதல் ஃபிரேமில் அறுந்து நின்று, தண்டவாளச் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. பின்னணிக் குரல் 16-ஆவது ஷாட்டில்தான் முதன்முதலாகப் பேசுகிறது. அதுவரை 22 வினாடிக்கு மேல் யாரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இத்தனையும் எழுதியபின் அந்த விளம்பரத்தின் 20 வினாடிப் பதிப்பு கையில் கிடைத்தது. இரண்டுக்கும் பட்டியல் எழுதி அருகருகே வைப்பதைப்போல் கற்றுத்தரும் பயிற்சி வேறில்லை, ஏனென்றால் 250 ஃபிரேமை எங்கிருந்து எடுப்பது என்று எடிட்டர் செய்த முடிவுகள் அப்படியே தெரியும். முதல் ஷாட்டிலிருந்து 35, ஐந்தாவதிலிருந்து 15, பதினான்காவதிலிருந்து 50, கடைசி மூன்றிலிருந்து 25, 40, 25 என்று குறைத்திருந்தார். மூன்றாவது ஷாட்டையும் ஆறாவது ஷாட்டையும் முழுதாக எடுத்திருந்தார். ஓட்டத்தின் 110 ஃபிரேமில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அது சரியான முடிவென்றே முதலில் தோன்றும். வேகமான பகுதி விளம்பரத்தில் எடுத்துக்கொள்ளும் பங்கு கூடுகிறதல்லவா? ஆனால் போட்டுப் பார்த்தால் ஓட்டம் அவ்வளவு வேகமாகத் தெரிவதில்லை. முன்னால் இருந்த நிதானம் சுருங்கிவிட்டது. பின்னால் 90 ஃபிரேம் நின்ற அமைதி 40 ஆகிவிட்டது. அதே ஏழு ஷாட்களுக்கு அக்கம்பக்கம் மாறிவிட்டது.

அதைவிடப் பெரிய ஓட்டை மூன்றாவது ஷாட் போனதில் இருக்கிறது. 30 வினாடிப் பதிப்பைப் பார்க்காத என் மதினியிடம் 20 வினாடிப் பதிப்பைக் காட்டினேன். “ரயில்ல இருந்து நீட்டுன கை யாருது? அவுக வீட்டுப் பிள்ளையா?” என்று கேட்டார். ஜன்னலோரம் மகளும் அவள் வளையலும் தெரிந்த அந்த 35 ஃபிரேமில்தான், பயணம் போகிறவள் இவள் என்ற செய்தி இருந்தது. பதின்மூன்றாவது ஷாட்டின் 15 ஃபிரேமில் ஒரு கையை மட்டும் காட்டிவிட்டு நகர முடிந்ததற்கு அந்த 35 ஃபிரேமே ஆதாரம். அதை எடுத்துவிட்டுக் கையை மட்டும் அதே 15 ஃபிரேமில் விட்டதால், அடையாளம் தெரியாத கை ஒன்று பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறது. அது யார் என்று 16-ஆவது ஷாட் வரும்வரை பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.